இரவு 11 மணிக்குத் தானாக ஓடும் வேலை

மளிகைக் கடையின் பில்லிங் கம்ப்யூட்டரில் இரவு 11 மணிக்குத் தானாக ஓடும் பேக்கப் வேலை மூன்று காரியங்களைச் செய்கிறது. பில், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் பதிந்திருக்கும் டேட்டாபேஸை முதலில் படிக்கிறது. படித்ததை ஒரே கோப்பாக எழுதித் தனி ஹார்டு டிஸ்க்கில் வைக்கிறது. கடைசியாக, அந்த டிஸ்க்கில் ஒரு மாதத்துக்கு மேல் பழசாகிப்போன நகல்களை அழிக்கிறது.

கடைக்காரர் காதில் விழுவது பெரும்பாலும் அந்தக் கடைசிச் சொல்தான். ஆளில்லாத நேரத்தில் எதையோ அழிக்கிறது என்றால், போன மாதத்துப் பில்லும் சேர்ந்து போய்விடுமா என்ற பயம் வருவது நியாயமே. "அதெல்லாம் போகாது சார்" என்று சாஃப்ட்வேர்காரர் சொல்வது இதற்குப் பதில் ஆகாது. அந்த வேலை எந்த இடத்தில் படிக்கிறது, எந்த இடத்தில் எழுதுகிறது, எந்த இடத்தில் அழிக்கிறது என்று பிரித்துக் காட்டுவதுதான் பதில். MySQL டேட்டாபேஸில் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேர் என்றால், மொத்த வேலையும் ஏறக்குறைய இந்த நான்கு வரிதான்:

```
mysqldump --single-transaction --no-tablespaces kadai > E:\Backup\kadai_%NAAL%.sql
if errorlevel 1 exit /b 1
forfiles /P E:\Backup /M kadai_*.sql /D -30 /C "cmd /c del @path"
exit /b 0
```

முதல் வரியில் kadai என்பது டேட்டாபேஸின் பெயர். %NAAL% என்ற இடத்தில் அன்றைய தேதி வந்து உட்காரும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேறொரு கோப்பில் இருக்கும். படிப்பது டேட்டாபேஸில், எழுதுவது E:\Backup என்ற ஃபோல்டரில். வேறு எந்த இடத்தின் பெயரும் அந்த வரியில் இல்லை.

டேட்டாபேஸ் கோப்பை அப்படியே காப்பி செய்தால் போதாதா என்று தோன்றும். சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்கும்போது அது போதாது. குடோனில் ஒருவர் மூட்டை எண்ணிக்கொண்டிருக்க, இன்னொருவர் மூட்டையை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் எண்ணிக்கை எப்படி வரும்? நேரடிக் காப்பியிலும் அதுவே நடக்கும்: ஒரு பில் நகலில் வந்திருக்கும், அந்தப் பில்லுக்குக் கழிய வேண்டிய சரக்கு கழிந்திருக்காது. --single-transaction என்ற சொல் அதைத் தடுக்கிறது. வேலை தொடங்கிய நொடியில் கணக்கு எப்படி இருந்ததோ, அந்த நிலையை மட்டுமே நகலில் எழுத வைக்கிறது. InnoDB வகை அட்டவணைகளில் இதற்காகப் பில்லிங்கை நிறுத்த வேண்டியதும் இல்லை. கடை மூடுகிற நேரத்தில் வந்த ஒருவருக்கு 11 மணி அடித்து ஒரு நிமிடம் கழித்துப் பில் போட்டாலும் பில் சரியாகவே பதியும். அது அன்றைய நகலில் இருக்காது, மறுநாள் நகலில் வரும்.

படிப்பதோடு நிற்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இந்த வேலைக்கென்று டேட்டாபேஸில் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, படிக்கும் அனுமதியை மட்டும் கொடுத்திருக்க வேண்டும். பூட்டிய கண்ணாடி அலமாரிக்கு வெளியே நின்று உள்ளே இருப்பதைக் குறித்துக்கொள்ளும் ஆள் மாதிரி. விலையை மாற்று, பில்லை நீக்கு என்று யாராவது பின்னால் அந்த வரிகளில் எழுதிச் சேர்த்தாலும், அந்தப் பயனர் பெயரில் அது நடக்காது, டேட்டாபேஸ் மறுத்துவிடும். பல கடைகளில் சோம்பலால் எல்லா அதிகாரமும் உள்ள root பயனரையே இதற்கும் கொடுத்து வைக்கிறார்கள். அப்படி இருந்தால், எதையும் தொடாது என்பது வாய்வார்த்தை மட்டுமே. பேக்கப் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்று கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அழிப்பது மூன்றாவது வரி. அது E:\Backup ஃபோல்டருக்குள் மட்டும் பார்க்கிறது. அங்கேயும் kadai_ என்று தொடங்கி .sql என்று முடியும் கோப்புகளில், 30 நாளோ அதற்கு மேலோ பழசானவற்றை மட்டும் நீக்குகிறது. அழிவது பழைய நகல், பழைய பில் அல்ல. மூன்று வருடத்துக்கு முந்தைய பில்லும் டேட்டாபேஸில் இருக்கும்வரை நேற்றைய நகலிலும் இருக்கும், இன்றைய நகலிலும் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. டேட்டாபேஸ் கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியில் உள்ள > குறி, நகல் வருவதற்கு முன்பே அன்றைய தேதியில் ஒரு காலிக் கோப்பைத் திறந்து வைத்துவிடும். பிறகு mysqldump உள்ளே நுழைய முடியாமல் நின்றுபோகும். ஃபோல்டரைத் திறந்தால் இன்றைய தேதியில் கோப்பு இருக்கும், அளவு 0 KB. இரண்டாவது வரி இல்லாத பேக்கப் என்றால், அதன் பிறகும் அழிக்கும் வேலை தவறாமல் நடக்கும். ஒரு மாதம் யாரும் கவனிக்காவிட்டால் நல்ல நகல்கள் ஒவ்வொன்றாகப் போய், காலிக் கோப்புகள் மட்டும் வரிசையாக நிற்கும். நகல் சரியாக வரவில்லை என்றால் அத்துடன் நிறுத்து, பழசைத் தொடாதே என்பதுதான் அந்த இரண்டாவது வரியின் பொருள். நான்கு வரியிலும் முக்கியமான வரி அதுதான்.

ஆகவே தேதியைப் பார்த்து நம்பக்கூடாது, அளவைப் பார்க்க வேண்டும். பில் கூடக் கூட நகலின் அளவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நேற்று 212 MB இருந்தது இன்று 213 என்றால் சரி, 40 என்றால் ஏதோ கோளாறு. நடுவில் மின்சாரம் போயிருந்தால் நகல் பாதியில் நின்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்க, கோப்பின் கடைசி வரியைப் பார்த்தால் போதும். முழுதாக முடிந்த நகலில் `-- Dump completed on` என்று தொடங்கி, தேதியும் நேரமும் இருக்கும்.

எல்லாவற்றையும் விடச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. கடை மூடும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் கடைகளில் பழக்கம். கம்ப்யூட்டருக்கும் அதிலிருந்துதான் மின்சாரம். 11 மணிக்கு ஓட வேண்டிய வேலை எந்தக் கம்ப்யூட்டரில் ஓடும்? விண்டோஸின் Task Scheduler-இல், தவறிய வேலையை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைக் குறித்து வைத்தால் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஓடும். அதைவிட எளிது, நேரத்தையே கடை திறந்திருக்கும் 9 மணிக்கு மாற்றிவிடுவது. பில்லிங் நடுவே ஓடினாலும் பாதகமில்லை என்பதை மேலேயே பார்த்தோம்.

இனி அது தொடாதவை. பில் எண், விலைப் பட்டியல், இருப்பு எதையும் அது மாற்றாது. ஜிஎஸ்டி தளத்துக்குப் போகாது, வங்கிக் கணக்கையும் யுபிஐ-யையும் அறியாது, பிரிண்டரைச் சீண்டாது. பழைய நகலைத் திரும்பவும் உள்ளே ஏற்றுவதும் அதன் வேலை அல்ல. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. mysqldump எழுதும் நகலில், இருக்கிற அட்டவணையை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கு என்ற கட்டளை சாதாரணமாகவே சேர்ந்திருக்கும். பிற்பகலில் யாராவது விவரம் தெரியாமல் நேற்றைய நகலை ஏற்றினால், காலையிலிருந்து போட்ட பில் எல்லாம் போய்விடும். அப்படி ஒன்று நடந்தால் அது மனிதர் கைப்பட நடந்தது, இரவு வேலையின் தலையில் போட முடியாது.

தொடாதவற்றில் இன்னொரு வகையும் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் உள்ள எக்செல் கடன் நோட்டு, ஸ்கேன் செய்த கொள்முதல் பில்கள், கேமரா பதிவுகள். இவற்றை அந்த வேலை கெடுக்காது, காப்பாற்றவும் செய்யாது. முதல் வரியில் பெயர் இல்லாத எதற்கும் நகல் இல்லை. பேக்கப் ஓடுகிறது என்ற நிம்மதியில் கடைக்காரர்கள் மறப்பது இதைத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் செத்துப்போகிறது என்று கொள்வோம். E: என்பது தனி டிஸ்க் ஆனதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வியாழன் இரவு நகலின் கடைசிப் பில் எண் 18,240. வெள்ளியன்று வாடிக்கையாளர் கைக்குப் போன கடைசிப் பில் 18,306. புதிய டிஸ்க்கில் விண்டோஸும் சாஃப்ட்வேரும் போட்டு நகலை ஏற்றியதும், வியாழன் இரவு இருந்த கணக்கு அப்படியே திரும்பி வருகிறது. டெஸ்க்டாப்பில் இருந்த கடன் நோட்டு வரவில்லை.

அவசரப்பட்டு உடனே வியாபாரத்தைத் தொடங்கினால் சாஃப்ட்வேர் அடுத்த பில்லுக்கு 18,241 என்று எண் கொடுக்கும். அந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு பில் வெளியே போயிருக்கிறது. ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டுக்குள் ஒரே எண் இரண்டு பில்லில் வரக்கூடாது. எண்கள் வரிசையாகவும் இருக்க வேண்டும். அதனால் அதுவரை கையால் பில் எழுதுவதானாலும் வேறு வரிசை எண் போட்டுத்தான் எழுத வேண்டும். இந்தக் கடையில் கல்லாவுக்கென்று இரண்டாம் பிரதி அச்சடித்துக் கம்பியில் குத்தி வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த 66 பிரதிகளையும் எடுத்து, அதே வரிசையில் ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிந்தார்கள். இருப்பும் தானாகக் கழிந்து சரியானது. பிரதி இல்லாத கடையில் யுபிஐ பட்டியலிலிருந்து தொகை தெரியும், என்ன சரக்கு போனது என்று தெரியாது. அலமாரியை எண்ணித்தான் இருப்பைச் சரிசெய்ய வேண்டும்.

66-ஆவது பிரதியைப் பதிந்து முடித்த பிறகு போட்ட முதல் புதுப் பில்லின் எண் 18,307.