சராசரி இடம் சரிந்தால் பதற வேண்டுமா?

சேலம் பக்கம் காளான் விதை விற்கும் ஒருவர் தம் வியாபாரத்துக்கு ஓர் இணையப் பக்கம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் தினமும் நான்கு முறை எண்களைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் புதுப் பக்கத்தின் எண்கள் மிகச் சிறியவை. தேடல் முடிவில் பக்கம் 40 முறை தென்பட்டு, அதில் இரண்டு கிளிக் விழுந்தால் 5 சதவீதம். மறுவாரம் ஒரு கிளிக் குறைந்தால் 2.5 சதவீதம். பாதியாகச் சரிந்ததுபோல் தெரிந்தாலும் வித்தியாசம் ஒரே ஒரு கிளிக்தான்.

வாரம் ஒரு நாள், பத்து நிமிடம் போதும். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம்.

முதல் மாதம் ஒரே ஒரு கேள்வி: பக்கம் கூகுளின் அட்டவணையில் ஏறியதா? கன்சோலின் மேல்பகுதியில் உள்ள பெட்டியில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் `URL is on Google` என்று வர வேண்டும். `Crawled - currently not indexed` என்று வந்தால், கூகுள் பக்கத்தைப் படித்துவிட்டது, ஆனால் இப்போதைக்குச் சேர்க்கவில்லை என்று பொருள். அது தீராமல் மற்ற எண்களைப் பார்ப்பது வீண்.

இரண்டாம் மாதம், பக்கம் எத்தனை முறை தென்பட்டது, என்னென்ன தேடல்களுக்குத் தென்பட்டது என்று பார்க்க வேண்டும். பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ‘சராசரி இடம்’ என்ற எண்ணும் அங்கேதான் இருக்கிறது. ‘காளான் விதை சேலம்’ என்ற தேடலில் பக்கம் 8-ஆம் இடத்தில் 20 முறை தென்பட்டால் சராசரி 8. அடுத்த மாதம் அதே 20 முறையோடு, ‘காளான் வளர்ப்பு பயிற்சி’ என்ற புதுத் தேடலிலும் 33-ஆம் இடத்தில் 80 முறை தென்படுகிறது. இப்போது சராசரி 28. பழைய இடம் அப்படியே இருக்கிறது. பக்கம் இன்னும் பலரின் தேடலுக்குள் நுழைந்திருக்கிறது. சராசரியை மட்டும் பார்ப்பவர், நன்றாக இருக்கும் பக்கத்தைக் கலைத்துப்போட்டுவிடுவார். ஆகவே ஒவ்வொரு தேடலின் இடத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதே சரி. சில அரிய தேடல்களைத் தனியுரிமை கருதி கூகுள் பட்டியலில் காட்டாது என்பதால் கூட்டல் பொருந்தாமல் போகலாம்.

மூன்றாம் மாதம் கிளிக்கும் தொலைபேசி அழைப்பும். 28 நாளை அதற்கு முந்தைய 28 நாளோடு ஒப்பிட்டால் வார நாள், விடுமுறை நாள் ஏற்றத்தாழ்வு சமனாகும். அழைப்புகளுக்குக் கடையில் ஒரு நோட்டே போதும்: “எங்கண்ணே நம்பர் கிடைச்சது?” என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

நல்ல இடத்தில் தென்பட்டும் கிளிக் விழாவிட்டால், தேடல் முடிவில் தெரியும் தலைப்பை மாற்றிப் பார்க்க வேண்டும். கிளிக் வந்தும் அழைப்பு வராவிட்டால் விலை, குறைந்தபட்ச அளவு, பார்சல் அனுப்பும் விவரம் இவற்றில் எது பக்கத்தில் இல்லை என்று தேட வேண்டும். பயிற்சி கேட்டே பலர் வருகிறார்களென்றால் அதற்குத் தனிப் பக்கம் எழுதலாம். எந்த மாற்றமானாலும் ஒரு நேரத்தில் ஒன்றைச் செய்து, தேதியை நோட்டில் குறித்துவிட்டு, அடுத்த 28 நாள் காத்திருக்க வேண்டும்.