அறைக்கு ஒன்றரை சோப்பு

ஹோட்டல் அறையில் விருந்தினருக்காக வைக்கப்படும் பொருட்கள் இரண்டு வகை. சோப்பு, ஷாம்பு, பல் துலக்கும் கிட், டீ பை, சர்க்கரை, பால்பவுடர் பாக்கெட், தண்ணீர் பாட்டில் ஆகியவை ஒருவர் பயன்படுத்தியதும் தீர்ந்துவிடும். கெட்டில், டிரே, கப் ஆகியவை அறையிலேயே இருக்கும். அடுத்தடுத்து வருபவர்கள் அவற்றைப் பயன்படுத்துவார்கள். இவை ஒவ்வொன்றும் எத்தனை கையிருப்பில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைக்கும் எண்ணிக்கையை ஹவுஸ்கீப்பிங் பிரிவில் ‘பார்’ என்பார்கள்.

பார் மூன்று இடங்களில் இருக்கிறது. அறைக்கு ஒரு பார் உண்டு: இருவர் தங்கும் அறையில் இரண்டு சோப்பு, இரண்டு ஷாம்பு என்பது போல. ஒவ்வொரு மாடியிலும் உள்ள பேன்ட்ரிக்கு ஒரு பார் உண்டு. அங்கிருந்துதான் ரூம் பாய் காலையில் டிராலியை நிரப்புகிறார். கீழே ஸ்டோருக்கு ஒரு பார் உண்டு. முதல் இரண்டையும் பழக்கத்தில் எளிதாக அமைத்துவிடலாம். கணக்குப் போட்டு அமைக்க வேண்டியது ஸ்டோரின் பார்தான்.

வைப்பது வேறு, செலவாவது வேறு

மதுரையில் 40 அறைகள் கொண்ட ஒரு நடுத்தர ஹோட்டலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சராசரியாக நூற்றுக்கு எழுபது அறைகள் நிரம்புகின்றன என்றால், ஒரு நாளைக்கு ஆள் தங்கும் அறைகள் 28. அறைக்கு இரண்டு சோப்பு வைக்கிறோம், ஆகவே நாளொன்றுக்கு 56 சோப்பு தேவை என்று கணக்கிட்டால் பிசகிவிடும். தனியாக வந்தவர் ஒன்றைப் பிரிக்காமலே போவார். இரண்டாம் நாளும் தங்குபவருக்கு முதல் நாள் சோப்பே மிச்சம் இருக்கும். இன்னொருவர் இரண்டையும் பையில் எடுத்துவைத்துக்கொள்வார். ஆகவே மூன்று மாதத்தில் உண்மையில் செலவான சோப்பின் எண்ணிக்கையை, அதே மூன்று மாதத்தில் ஆள் தங்கிய அறைகளின் மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இந்த ஹோட்டலில் விடை 1.5 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு நாள் செலவு 42 சோப்பு.

முகூர்த்த நாட்களிலும் சித்திரைத் திருவிழாவின்போதும் 40 அறைகளும் நிரம்பும். அன்றைய செலவு 60. ஆர்டர் கொடுத்தால் சரக்கு வந்து சேர 7 நாள் ஆகும் என்றால், அந்த ஏழு நாளும் ஹோட்டல் நிரம்பியிருந்தாலும் சமாளிக்க 420 சோப்பு வேண்டும். இதுதான் குறைந்தபட்ச பார். ஸ்டோரில் கையிருப்பு இந்த எண்ணைத் தொட்ட அன்றே ஆர்டர் போக வேண்டும்.

அதிகபட்ச பாரும் இதிலிருந்தே வரும். சுமார் பதினைந்து நாள் செலவுக்கு ஒருமுறை வாங்குவது வழக்கம் என்றால், 42ஐ 15ஆல் பெருக்கிய 630ஐ 420உடன் கூட்ட வேண்டும், 1,050 கிடைக்கும். இதற்கு மேல் வாங்கினால் பணமும் இடமும் முடங்கும். பெட்டிக்கு 200 சோப்பு என்றுதான் கம்பெனி அனுப்பும் என்றால், ஆர்டர் மூன்று பெட்டி.

சோப்பு ஆறு மாதம் இருந்தாலும் கெடாது. பால்பவுடர் அப்படியல்ல. மழைக்காலத்து ஈரம் பாக்கெட்டுக்குள் புகுந்தால் பவுடர் கட்டிபட்டுவிடும். பாக்கெட்டை விரலால் நசுக்கினாலே தெரியும். நல்லது மணலைப் போல நழுவும், கெட்டது கல் போல நிற்கும். ஆகவே அதன் அதிகபட்ச பாரைக் குறைவாக வைத்து, பழைய சரக்கை அலமாரியின் முன்னால் அடுக்கி, அதை முதலில் எடுக்க வேண்டும்.

ஓர் அறைக்கு ஓர் இரவுச் செலவு

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கிடும் முறை மாறாது. சோப்பு 4 ரூபாய் என்றால் ஒன்றரை சோப்புக்கு 6 ரூபாய். ஷாம்பு 7 ரூபாய் வீதம் 10.50. பல் துலக்கும் கிட் எல்லோரும் எடுப்பதில்லை; பத்து அறைக்கு எட்டு செலவானால், 10 ரூபாய் கிட்டுக்கு அறைக்கு 8 ரூபாய் விழும். டீ, சர்க்கரை, பால்பவுடர் எல்லாம் சேர்ந்து 19.50, தண்ணீர் 14. ஆக மொத்தம் 58 ரூபாய்.

பில்லில் உள்ள ஜிஎஸ்டியைச் சேர்த்த விலையைத்தான் இந்தக் கணக்கில் எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 5 விழுக்காடு; ஆனால் அந்த அறைகளுக்காகப் பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அந்த வரியும் அடக்கவிலையில் சேர்ந்துவிடுகிறது.

கெட்டிலின் செலவை அதன் ஆயுளில் பங்கிட வேண்டும். 900 ரூபாய் கெட்டில் இரண்டு ஆண்டு உழைத்தால், அதற்குள் அந்த அறையில் ஏறக்குறைய 511 இரவு ஆள் தங்கியிருப்பார்கள். இரவுக்கு 1.76 ரூபாய் ஆகிறது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு மின்சாரம் போதும். ஒரு யூனிட் 10 ரூபாய் என்றாலும், தினம் இருமுறை கொதிக்கவைத்தால் ஒரு ரூபாய். இவற்றையும் கூட்டினால் அறைக்கு இரவுச் செலவு 61 ரூபாய்க்குள் முடிகிறது.

கெட்டிலின் பார் அறைக்கு ஒன்று. மாற்றாக பத்துக்கு ஒன்று வீதம் நான்கு, ஆக 44. உப்புத்தண்ணீர் உள்ள ஊர்களில் அடிப்பகுதியில் வெள்ளைப் படலம் கட்டும். தண்ணீர் கொதிக்கத் தாமதமாகும். கப்பில் செதில் மிதக்கும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு போட்டுக் கொதிக்கவிட்டு, இருபது நிமிடம் வைத்துக் கழுவினால் படலம் கரைந்துவிடும். பிறகு வெறும் தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்ட வேண்டும். விருந்தினர் அறையைக் காலி செய்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதும் அவசியம். சிலர் அதில் நூடுல்ஸோ முட்டையோ வேகவைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கெட்டிலைச் சுத்தம் செய்ய எடுத்துப்போகும்போது அறைக்கு வைக்கத்தான் அந்த நான்கு.

மாதக் கடைசியில் ஒப்பிடுதல்

30 நாள் மாதத்தில் ஆள் தங்கிய அறைகள் 840 என்றால், செலவாகியிருக்க வேண்டிய சோப்பு 1,260. ஸ்டோர் புத்தகம் 1,640 கொடுத்ததாகச் சொல்கிறது. 380 கூடுதல். உடனே திருட்டு என்று முடிவு கட்டக்கூடாது. முதலில் பேன்ட்ரிகளை எண்ண வேண்டும். மாதத் தொடக்கத்தில் அங்கே 90 இருந்து, இப்போது 270 இருந்தால், 180 சோப்பு செலவாகவே இல்லை. மாடியில் தேங்கிக் கிடக்கிறது. ஸ்டோருக்கு அடிக்கடி இறங்கி ஏற வேண்டாம் என்று ரூம் பாய்கள் கூடுதலாக வாங்கிவைப்பதால் இப்படி நேரும். பேன்ட்ரியின் பாருக்கு மேல் கொடுக்காமல் இருந்தால் இது நிற்கும்.

மீதி 200 உண்மையிலேயே கூடுதல் செலவு. அது எந்த மாடியில் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே மாடியில் என்றால், ஷிஃப்ட் முடிந்ததும் அந்த மாடியின் குப்பைப் பையைத் திறந்து பார்த்தால் விடை கிடைக்கலாம். ஓரம்கூடத் தேயாத சோப்புகள் பையில் கிடந்தால், தொடர்ந்து தங்குபவரின் அறையிலும் தினம் புதுச் சோப்பு மாற்றப்படுகிறது என்று பொருள். பையில் அவை இல்லாவிட்டால் சோப்பு வேறு வழியில் வெளியே போகிறது. பேன்ட்ரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லா மாடியிலும் ஒரே அளவில் கூடியிருந்தால் தவறு ஒன்றரை என்ற எண்ணில் இருக்கிறது. குடும்பமாக வருபவர்கள் அதிகரித்திருக்கலாம். அப்போது திருத்த வேண்டியது பார் கணக்கையே.