முதல் போன் யாருக்கு?

ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். போன் பேச இரண்டே பேர். திங்கட்கிழமை காலையில் 40 என்கொயரிகள் குவிந்து கிடக்கின்றன. வழக்கம்போல மேலிருந்து வரிசையாக அழைத்தால், 35-வது ஆளாக இருக்கும் கடைக்காரரின் முறை வருவதற்குள் மாலையாகிவிடும். அதற்குள் அவர் வேறொரு நிறுவனத்திடம் பேசி முடித்திருப்பார்.

இது வெறும் ஊகமல்ல. ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இணையத்தில் விசாரித்தவரை ஒரு மணி நேரத்துக்குள் அழைக்க முயன்ற நிறுவனங்களுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட, முடிவெடுக்கும் ஆளோடு உருப்படியாகப் பேசும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு இருந்தது.

எல்லோரையும் ஒரு மணி நேரத்தில் அழைக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு என்கொயரிக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். ஆனால் எந்தச் செயலுக்கு எத்தனை மதிப்பெண்? பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு செயலுக்கும் 5 என்று சமமாகப் போட்டால், 12 மின்னஞ்சல்களைத் திறந்து 3 கையேடுகளை இறக்கிய கல்லூரி மாணவர் 75 வாங்குவார். விலைப் பக்கத்தை இருமுறை பார்த்து டெமோ கேட்ட கடைக்காரருக்கு வெறும் 15! மின்னஞ்சல் திறந்த கணக்கையும் இப்போது நம்ப முடியாது. 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதியால், ஒருவர் படிக்காத மின்னஞ்சலும் படித்ததாகப் பதிவாகலாம்.

விடை பழைய நோட்டில் இருக்கிறது. போன வருடம் வந்த 200 என்கொயரிகளில் 20 பேர் வாங்கினார்கள் என்றால், அது 10 சதவீதம். டெமோ கேட்ட 40 பேரில் 12 பேர் வாங்கியிருந்தால் 30 சதவீதம். அந்தச் செயலுக்கு 30 மதிப்பெண் தாராளமாகத் தரலாம். கையேடு இறக்கிய 80 பேரில் வாங்கியவர் 8 என்றால், இறக்கியதற்கும் வாங்கியதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்கு எதற்கு மதிப்பெண்?

இதே முறையில் விலைப் பக்கத்துக்கு 15, ஒன்றுக்கு மேல் கடை வைத்திருப்பதற்கு 10 என்று வைத்தால், மூன்று கடைக்காரரான அவர் 55-ல் நிற்பார். மாணவருக்குப் பூஜ்யம்.

ஆர்வம் ஆறிப்போகும் என்பதால், புதிதாக எதுவும் செய்யாதவரின் செயல் மதிப்பெண்ணை வாரந்தோறும் பாதியாக்க வேண்டும். இரண்டு வாரத்தில் கடைக்காரரின் 45 பதினொன்றாகச் சுருங்கும். கடைகளுக்கான 10 மட்டும் குறையாது. கடை எங்கும் ஓடிவிடப் போவதில்லையே.

அதிக மதிப்பெண்காரர்களையே அழைத்துக்கொண்டிருந்தால் விதி சரியா என்று தெரியவராது. வாரத்துக்கு நாலைந்து குறைந்த மதிப்பெண்காரர்களையும் அழைத்துப் பாருங்கள். அவர்களும் அதே அளவில் வாங்குகிறார்கள் என்றால் விதி தவறு. அலசுவதற்குப் பழைய கணக்கே கையில் இல்லாத புது நிறுவனத்துக்கு மதிப்பெண் முறை தேவையில்லை. டெமோ கேட்டவரை முதலில் அழைத்தால் போதும்.