நெற்றியில் நீட்டும் தெர்மாமீட்டர் ஆளுக்கொரு அளவு காட்டுவது ஏன்?

துப்பாக்கி வடிவ தெர்மாமீட்டர் நெற்றிக்குள் எந்தக் கதிரையும் பாய்ச்சுவதில்லை. கொரோனா காலத்தில் அது மூளையைப் பாதிக்கும் என்று பரவிய பேச்சுக்கு அடிப்படையே இல்லை. சூடான எந்தப் பொருளும் தன் மேற்பரப்பிலிருந்து அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகிறது. கருவியின் முனையில் உள்ள தெர்மோபைல் என்ற சிறு உணரி அந்தக் கதிர்களை வாங்கிச் சற்றே சூடாகிறது. அந்தச் சூட்டுக்கேற்ப எழும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைக் கருவி வெப்பநிலையாகக் கணக்கிடுகிறது.

அப்படிக் கிடைப்பது தோலின் வெப்பநிலைதான், உடலின் உள்வெப்பம் அல்ல. சாதாரண அறையில் நெற்றித் தோல் பெரும்பாலும் 33 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். அதனுடன் இரண்டு மூன்று டிகிரியைக் கூட்டித்தான் திரையில் 36.6 போன்ற எண்ணைக் கருவி காட்டுகிறது. எவ்வளவு கூட்டுவது என்பது தயாரிப்பாளர் முன்கூட்டியே எழுதி வைத்த கணக்கு. அந்தக் கணக்கு உலர்ந்த தோலையும், சொல்லப்பட்ட தூரத்தையும், மிதமான அறையையும் நம்பி எழுதப்பட்டது. இவற்றில் ஒன்று மாறினாலும் எண் பிசகும்.

முதலில் தூரம். தள்ளிப் பிடித்தால் கதிர் பலவீனமாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், உணரியின் பார்வை முழுவதையும் நெற்றி நிறைத்திருக்கும் வரை தூரத்தால் பெரிய வேறுபாடு வராது. டார்ச் விளக்கின் ஒளிவட்டம் தூரம் கூடக் கூட விரிவதுபோல, உணரி பார்க்கும் வட்டமும் விரிகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு கருவியில் தூரமும் வட்டத்தின் விட்டமும் சமம் என்று கொள்வோம். 3 செ.மீ. தூரத்தில் அது 3 செ.மீ. அகல வட்டத்தைப் பார்க்கும். அது நெற்றிக்குள் அடங்கிவிடும். 15 செ.மீ. தள்ளிப் பிடித்தால் புருவம், முடி, மூக்குக்கண்ணாடி எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். இவை தோலைவிடக் குளிர்ந்தவை. கருவிக்கோ எது தோல், எது முடி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லாவற்றின் சராசரியைத்தான் அது சொல்லும்.

காய்ச்சல் உள்ள ஒருவரின் நெற்றித் தோல் 35.5 டிகிரி என்றும், கருவி கூட்டும் அளவு 2.6 என்றும் வைத்துக்கொண்டால், அருகில் பிடிக்கும்போது திரையில் 38.1 வரும். வட்டத்தின் நாற்பது சதவீதத்தை 31 டிகிரியில் உள்ள முடியும் கண்ணாடியும் பிடித்துக்கொண்டால் சராசரி ஏறத்தாழ 33.7 ஆகிவிடும், திரையில் 36.3 வரும். கடைவாசலில் கையை எட்ட நீட்டி அளந்தவர், காய்ச்சல்காரரை நலமானவர் என்று உள்ளே அனுப்பிவிடுவார். அதனால்தான் கருவியோடு வரும் தாளில் குறித்த தூரத்தை, பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான், அப்படியே பின்பற்ற வேண்டும். நெற்றிக்கு நேராகவும் பிடிக்க வேண்டும். சாய்த்தால் வட்டம் நீண்டு ஓரங்களைத் தொடும்.

அடுத்தது வியர்வை. ஒரு முடியின் தடிமனே உள்ள நீர்ப்படலம்கூட இந்த அகச்சிவப்புக் கதிர்களை முழுவதும் விழுங்கிவிடும். எனவே வியர்த்த நெற்றியில் கருவி பார்ப்பது தோலை அல்ல, வியர்வையின் மேற்பரப்பை. அந்த நீரோ ஆவியாகிக் கொண்டே இருக்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்; நூறு கிராம் நீரை ஐந்தரை டிகிரிக்கு மேல் குளிர வைக்க அது போதும். மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தால் இந்தக் குளிர்ச்சி இன்னும் கூடும். துடைத்த கையோடு அளந்தாலும் பயனில்லை, ஏனென்றால் தோல் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும். துடைத்துவிட்டுச் சில நிமிடங்கள் காற்றோட்டம் படாமல் உட்கார வைத்து, பிறகு அளப்பதே சரி. வெயிலில் நடந்து வந்தவருக்கு நேர்மாறாக நடக்கலாம். உலர்ந்து சுட்ட நெற்றி, இல்லாத காய்ச்சலைக் காட்டும்.

மூன்றாவது மேற்பரப்பின் தன்மை. ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் எல்லாப் பொருளும் ஒரே அளவு கதிரை விடுவதில்லை. இந்தத் திறனை உமிழ்திறன் என்பார்கள். மனிதத் தோலுக்கு அது சுமார் 0.98, கறுப்போ சிவப்போ, தோலின் நிறத்தால் இந்த அலைநீளங்களில் அது மாறுவதில்லை. பளபளப்பான உலோகத்துக்கோ 0.1 அளவுதான். கருவியில் பொருள்களை அளக்கும் முறைக்கு மாற்றி, 60 டிகிரி வெந்நீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்பக்கத்தை 30 டிகிரி அறையில் அளந்தால், 33, 34 என்றுதான் வரக்கூடும். டம்ளர் தன் சூட்டைக் கொஞ்சமே உமிழ்ந்து, அறையின் கதிர்களையே திருப்பி அனுப்புகிறது. அதே டம்ளரில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சற்றுப் பொறுத்து டேப்பின்மேல் அளந்தால் எண் உண்மையை நெருங்கும்.

நெற்றியில் உலோகப் பளபளப்பு கிடையாது. ஆனால் தடிமனாகப் பூசிய திருநீறு, சந்தனம், பவுடர், ஒட்டுப்பொட்டு ஆகியவை தோலை மறைத்துத் தங்கள் மேற்பரப்பின் வெப்பத்தைக் காட்டும். ஈரச் சந்தனம் வியர்வையைப் போலவே குளிரவும் வைக்கும். அவை இல்லாத இடமாகப் பார்த்து, முடியை ஒதுக்கி அளந்தால் இந்தப் பிழை நீங்கும். அப்படியும் சந்தேகமான எண் வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் தெர்மாமீட்டரில் சரிபார்க்கலாம். அது தோலின் மேற்பரப்பை நம்பியிருப்பதில்லை.