பெற்றோர் மனத்தெளிவை இழந்தால் அதிகாரப் பத்திரம் செல்லாது

புதுதில்லி: வங்கிப் பணிகளைக் கவனிப்பதற்காக முதிய பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதித் தரும் பொது அதிகாரப் பத்திரம், அவர்கள் மனத்தெளிவை இழந்தால் செல்லாததாகிவிடும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு இவ்வாறு கூறுகிறது.

மறதி நோய் முற்றிய தந்தையின் மருத்துவச் செலவுக்கு மகள் பத்திரத்தைக் காட்டிப் பணம் கோரினால், வங்கி மறுக்கலாம். பாதுகாவலராக நியமிக்கக் கோரி அவர் நீதிமன்றத்தை நாட நேரிடும்.

கூட்டுக் கணக்கில் இயக்கும் முறையே முக்கியம். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' முறையில், முதல் பெயருக்குரிய தந்தை உயிருடன் உள்ளவரை மகள் பணம் எடுக்க இயலாது. 'எய்தர் ஆர் சர்வைவர்' முறையில் இருவரில் எவரும் எடுக்கலாம். மகள் முழுத் தொகையை எடுத்தாலும் வங்கி தடுக்காது.

எனவே தந்தை தெளிவுடன் உள்ளபோதே செலவுக்கான தொகையை மட்டும் இக்கணக்கில் வைத்து, தம் பெயரிலுள்ள வைப்புத்தொகையின் வட்டி மாதந்தோறும் இதில் சேருமாறு வங்கிக்கு எழுதித் தரலாம்.