ஒரே காலையில் நடவும் அறுவடையும்

தஞ்சைப் பக்கம் ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு வரப்பில் நின்றால் இரண்டு பருவங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். ஒருபுறம் முற்றிய குறுவைக் கதிர்கள் காற்றில் ஆடும். மறுபுறம், குறுவை அறுத்து உழுத சேற்றில் தாளடி நடவு நடக்கும்.

இளவெயிலில் கதிரெல்லாம் பனி. அது உலரும்வரை அறுவடை தொடங்காது. ஈர நெல்லைக் குவித்தால் சூடேறிக் கெட்டுவிடும். நடவுக்கு அந்தத் தடை இல்லை. வெயில் ஏறுமுன் குனிந்து நடுவதே இடுப்புக்கும் நல்லது.

மண்வெட்டியோடு வரும் விவசாயி முதலில் மடையைத்தான் பார்ப்பார். நடும்போது வயலில் நீர் படலமாக நின்றால் போதும். அதிகமானால் நாற்று பிடிப்பின்றி மிதக்கும். சுமார் 25 நாள் நாற்றைக் குத்துக்கு இரண்டு மூன்றாக, 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் நடுவார்கள். ஆழம் கூடினால் தூர் கட்டுவது தாமதமாகும். சில வாரம் கழித்தும் குத்துகள் ஒல்லியாகவே நின்றால், ஆழ நடவையும் சந்தேகிக்கலாம். நட்டதும் இலை சற்று மஞ்சளாவதற்குப் பயப்பட வேண்டாம். வேர் பிடித்ததும் ஒரு வாரத்தில் பச்சை திரும்பும்.