பாய் நனைந்தால் பகலைப் பாருங்கள்

“ஏழு வயசாகுது, இன்னுமா?” என்று கேட்டால் எந்தப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடியாது. பாய் நனைந்த நேரத்தில் அது தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்த பிறகுதான் அதற்கே விஷயம் தெரிகிறது, அதற்குள் திட்டும் தயாராகிவிடுகிறது. 5 வயதில் 100 பிள்ளைகளில் சுமார் 15 பேர் இப்படி நனைக்கிறார்கள். வயது ஏற ஏற இது தானாகவே குறைந்துகொண்டு வரும். அதனால் 5 வயதுக்குள் வைத்தியம் எதுவும் தேவையில்லை. 6, 7 வயதுக்குப் பிறகும் வாரத்தில் பல நாள் தொடர்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு மூத்திரப்பை நிறைந்தால் மூளைக்குத் தகவல் போகும், விழிப்பு வரும். இந்தப் பிள்ளைகளுக்குத் தகவல் போனாலும் விழிப்பு வருவதில்லை. சிலருக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஒரு ஹார்மோன் போதுமான அளவு சுரப்பதில்லை. வேறு சிலருக்குப் பை முழுதாக நிறையும் முன்பே சுருங்கிவிடுகிறது. இதில் எதையும் அடித்தோ, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டோ மாற்ற முடியாது. இது பரம்பரையாகவும் வரும். அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம், இருவருக்கும் இருந்திருந்தால் 70-க்கும் மேல். பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், பல வீடுகளில் உண்மை அங்கேதான் வெளிவரும். “நானும் மூணாங்கிளாஸ் வரைக்கும் இப்படித்தான்டா” என்று அப்பா ஒருமுறை சொன்னால் பிள்ளையின் பாரம் பாதி இறங்கிவிடும்.

பெற்றோர் பெரும்பாலும் இரவை மட்டுமே கவனிக்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்காமல் நிறுத்துகிறார்கள், நடுராத்திரியில் அரைத் தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் கழிவறையில் உட்கார வைக்கிறார்கள். அது அன்றைய பாயைக் காப்பாற்றும், பிள்ளைக்கு எதையும் பழக்காது. கோளாறின் ஒரு பெரும்பங்கு பகலில் இருக்கிறது, அதுவும் பள்ளிக்கூடத்தில்.

7 வயதுப் பையன் ஒருவனின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை அவசரத்தில் அரை டம்ளர் பால். பள்ளிக்கூடக் கழிவறை நாறுகிறது, தாழ்ப்பாள் கிடையாது, அதனால் அங்கே போவதில்லை. போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை, பாட்டில் முக்கால்வாசியோடு வீடு திரும்புகிறது. நாலரை மணிக்கு வந்து மடமடவென்று குடிக்க ஆரம்பித்தால் படுக்கும் வரை குடிக்கிறான். நாள் முழுக்க உடம்புக்குப் போயிருக்க வேண்டிய நீர் இரவில் வந்து சேருகிறது. பகலெல்லாம் அடக்கிப் பழகிய பைக்கு நிதானமாக நிறைந்து நிதானமாகக் காலியாகவும் தெரியவில்லை.

இவன் விஷயத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு சனி, ஞாயிறு போதும். அளவு கோடு போட்ட பிளாஸ்டிக் கப்பில் ஒவ்வொரு முறையும் சிறுநீரைப் பிடித்து மில்லி கணக்கை எழுதுங்கள். காலையில் எழுந்ததும் போவதைத் தனியாகக் குறியுங்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் அந்த வயதுக்கான பையின் கொள்ளளவு வரும். 7 வயதுக்கு 240 மில்லி. பகலில் ஒரே தடவையில் அவன் அதிகபட்சமாகப் போனது 130 மில்லிதான் என்று வைத்துக்கொள்வோம். இரவில் டயப்பர் கட்டிவிட்டு, காலையில் சமையலறைத் தராசில் நிறுத்தி, உலர்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால் 150 கிராம் வருகிறது. ஒரு கிராமை ஒரு மில்லியாக எடுத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்து போனது 80. ஆக, இரவு முழுக்க ஊறியது 230 மில்லி, அது அதிகமில்லை. இவனுக்குச் சிறுநீர் கூடுதலாகச் சுரக்கவில்லை, பைதான் கொஞ்சமாகத் தாங்குகிறது. இந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டுபோனால் அவருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

பை ஏன் தாங்கவில்லை? பல பிள்ளைகளுக்குக் காரணம் மலச்சிக்கல். மலக்குடல் மூத்திரப்பைக்குப் பின்னாலேயே ஒட்டி இருக்கிறது. அங்கே இறுகிய மலம் தேங்கி நின்றால் பை விரிய இடம் இருக்காது. “தினமும் போறானே” என்று அம்மா சொல்வார், கொஞ்சம் போய் மீதி தங்குவதும் உண்டு. கெட்டியாக, உருண்டை உருண்டையாகப் போகிறதா, ஜட்டியில் கறை படுகிறதா, முக்குகிறானா என்று பாருங்கள். இருந்தால் முதலில் இதைத்தான் சரிசெய்ய வேண்டும். சாப்பிட்ட பிறகு ஐந்து பத்து நிமிடம் கழிவறையில் உட்காரட்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்காமல் அடியில் ஒரு பலகை போடுங்கள். கீரை, பழம் மட்டும் போதாமல் போனால் மருத்துவர் மலமிளக்கி தருவார், அதைப் பாதியில் நிறுத்தக் கூடாது. இதைச் சரிசெய்ததோடு பாய் நனைவதும் நின்றுபோன பிள்ளைகள் உண்டு.

கூடவே தண்ணீரின் நேரத்தை மாற்றுங்கள். நாளின் தண்ணீரில் பெரும்பகுதி மாலைக்குள் போய்விட வேண்டும், ஐந்து மணிக்குப் பிறகு ஐந்தில் ஒரு பங்கு போதும். குறைப்பது நோக்கம் இல்லை, முன்னால் தள்ளுவதுதான். ஆசிரியரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லி, கேட்கும்போதெல்லாம் கழிவறைக்கு விடச் சொல்லுங்கள். பரிசு கொடுப்பதானால் பாட்டிலைக் காலி செய்ததற்கும் படுக்கும் முன் ஒண்ணுக்குப் போனதற்கும் கொடுங்கள். நனையாத காலைக்கு ஸ்டார் ஒட்டினால், அவன் கையில் இல்லாத ஒன்றுக்கு மார்க் போடுவதாகிவிடும். மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட், அதற்கு மேல் பழைய வேட்டி விரியுங்கள். நனைந்ததை வாளியில் போட அவனும் கை கொடுக்கலாம், தண்டனையாக இல்லாமல். மெத்தையைத் தெரு பார்க்க மொட்டைமாடிச் சுவரில் தொங்கவிட மட்டும் வேண்டாம்.

இவ்வளவும் செய்து சில வாரம் பார்த்தும் குறையவில்லையா? அடுத்தது அலாரம். உள்ளாடையில் ஒரு சிறு சென்சார், ஈரம் பட்டதும் மணி அடிக்கும். வாங்கியவர்களில் பலர் ஒரே வாரத்தில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் மணி அடித்ததும் வீடே எழுந்துகொள்கிறது, பிள்ளை மட்டும் தூங்குகிறது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். பெரியவர் ஒருவர் அவனை முழுசாக எழுப்பி, தானே நடந்து போய் மிச்சத்தைக் கழிக்க வைத்து, துணி மாற்றி, சென்சாரைத் திரும்பவும் மாட்ட வேண்டும். ஈரத்தின் வட்டம் சிறிதாவதும், மணிக்கு அவனே புரள ஆரம்பிப்பதும் நல்ல அறிகுறிகள். நான்கு வாரத்தில் அதுகூட இல்லையென்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கலாம். தொடர்ந்து 14 இரவு காய்ந்திருந்தால் கழற்றிவிடலாம், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீடுகளில் மே மாத விடுமுறைதான் இதற்குத் தோது.

இரவில் சிறுநீர் அதிகம் ஊறும் பிள்ளைகளுக்கு டெஸ்மோப்ரெசின் மாத்திரை உதவும். கல்யாணத்துக்கோ டூருக்கோ போகும்போது கைகொடுக்கும், ஆனால் நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே தர வேண்டும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, போட்டு எட்டு மணி நேரம் வரை அதிகம் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம்.

காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. பகலிலும் துணி நனைவது, எரிச்சல், சொட்டுச் சொட்டாகப் போவது, கால் பலவீனம், சத்தமான குறட்டை ஆகியவை இருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி ஆரம்பித்தால் வீட்டிலோ பள்ளியிலோ என்ன நடந்தது என்று மெதுவாக விசாரியுங்கள். கூடவே அடங்காத தாகமும் உடல் மெலிவும் இருந்தால் அது சர்க்கரை நோயாக இருக்கலாம். அதற்கு விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதும். அதை நாளைக்குத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.